கோயிலுக்குப் பின்னால், மதகுக்கு முன்னால்: ஒரு சாரதிக்கான வழிக்குறிப்பு மொழிமாற்றத்தில் திசைமாறிய நிகழ்வு

மாசி மாதத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் முன்மாரி வெள்ளாமை அறுவடைக்கு வரும்போது, பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து அறுவடை இயந்திரங்கள் லொறிகளில் ஏறி மட்டக்களப்புக்கு வருவது வழக்கம். இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர் தமிழர். அதைக் கொண்டுவரும் சாரதி பெரும்பாலும் சிங்களம் மட்டுமே அறிந்தவர். வயல்வெளியான வட்டைக்கு வரும் வழியைச் சொல்பவர், வயலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும் முல்லைக்காரர். அவர் சொல்வதை யாரோ ஒருவர் சிங்களத்தில் எழுதிச் சாரதியின் கைபேசிக்கு அனுப்புவார். இந்த ஆய்வு அவ்வாறு அனுப்பப்பட்ட ஒரு குறிப்பைப் பற்றியது. அந்தக் குறிப்பில் எந்தச் சொல்லும் அகராதிப்படி பிழையாக மொழிபெயர்க்கப்படவில்லை. ஆனாலும் லொறி முதலில் எதிர்த்திசையில் போனது; பிறகு ஒரு கோயில் முற்றத்தில் திரும்ப முடியாமல் நின்றது. மறுநாள் இரண்டாவது இயந்திரம் வரவிருந்ததால் குறிப்பைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. முல்லைக்காரர், முதற் குறிப்பை எழுதியவர், சாரதி ஆகிய மூவரிடமும் கேட்டறிந்தே இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முல்லைக்காரர் குரற்பதிவாக அனுப்பிய வழி இதுதான்: "மண்முனைப் பாலத்துக்கு இங்கால ஒரு சந்தி வரும். அதில தெற்கால திரும்பணும். கொஞ்சம் வந்தா பிள்ளையார் கோயில். கோயிலுக்குப் பின்னால ஒரு கிறவல் றோட்டுப் போகுது. அதால வந்து வாய்க்காலுக்கு மேலால வாங்க. மதகுக்கு முன்னால மெசினை இறக்கலாம். நான் நிப்பன்."

அந்த ஊர்க்காரர் எவருக்கும் இதில் குழப்பமில்லை. வெளியூர்ச் சாரதிக்கோ, இதிலுள்ள "இங்கால", "தெற்கால", "பின்னால", "மேலால", "முன்னால" என்ற ஐந்து சொற்களும் கேட்பவர் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து வேறுவேறு இடத்தைக் காட்டக்கூடியவை. ஐந்துக்கும் சிங்களத்தில் நேர்ச்சொல் உண்டு என்பதுதான் முதலில் எழுதியவரை ஏமாற்றியது. நேர்ச்சொல் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் சொல்லோடு சேர்ந்து, சொன்னவர் நின்ற இடம் மொழிபெயர்ந்து வருவதில்லை.

"இங்கால" என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே வாவியைப் படகுப் பாதையில்தான் கடந்தார்கள். பாலத்தின் கிழக்குப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. முல்லைக்காரர் நிற்பது படுவான்கரையில். ஆகவே அவருடைய "இங்கால" பாலத்தின் மேற்குப் பக்கம். அது சிங்களத்தில் "மெஹா" என்று போனது. சாரதி மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடி, காத்தான்குடி வழியாகக் கிழக்குக் கரையில் வந்துகொண்டிருந்தார். அவருடைய "மெஹா" பாலத்தில் ஏறுவதற்கு முன்னுள்ள பக்கம். அங்கேயும் ஒரு சந்தி இருக்கிறது: கல்முனைக்குப் போகும் பெருந்தெருவிலிருந்து பாலத்துக்குப் பிரியும் சந்தி.

அடுத்த சொல் "தெற்கால". இதைச் சிங்களத்தில் "தக்குணட்ட" என்று எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் "தக்குண" என்பது தெற்கையும் குறிக்கும், வலது பக்கத்தையும் குறிக்கும். கிழக்கு முகமாக நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம் என்பதால் வடமொழியில் "தட்சிணம்" இரண்டு பொருளையும் பெற்றது. சிங்களச் சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். பெருந்தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் சாரதியிடம் "தக்குணட்ட திரும்பு" என்றால் அவர் வலது பக்கம் என்றுதான் கேட்பார். ஓட்டும்போது கைதான் நினைவில் இருக்கும், திசைகாட்டி இருக்காது.

இப்போது இரண்டு பிழைகளும் சேர்ந்து செய்ததைப் பாருங்கள். சாரதி கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி வருகிறார். "பாலத்துக்கு இந்தப் பக்கமுள்ள சந்தியில் வலது பக்கம் திரும்பு" என்று குறிப்புச் சொல்வதாக விளங்கிக்கொள்கிறார். பெருந்தெருச் சந்தியில் வலது பக்கம் திரும்புகிறார். வாவி மேற்கே இருப்பதால் அந்தத் திருப்பம் அவரை நேராகப் பாலத்தில் ஏற்றிவிடுகிறது. அதாவது, தவறான சந்தியில், தவறாக விளங்கிய திசையில் திரும்பி, சரியான பாதையில் சேர்ந்துவிட்டார். குறிப்பு பொருந்துகிறது என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. என் பார்வையில் இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பிழை உடனே வெளிப்பட்டால் திருத்திவிடலாம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டால், அவை வெளிப்படும் இடத்தில் காரணம் இருக்காது.

வெளிப்பட்ட இடம் பாலத்தின் மறுகரை. அங்கே முல்லைக்காரர் சொன்ன உண்மையான சந்தி வந்தபோது, சாரதியிடம் அதற்கான கட்டளை மிச்சமிருக்கவில்லை. அதை அவர் ஏற்கனவே பெருந்தெருவில் செலவழித்துவிட்டார். அவர் நிறுத்தி, முல்லைக்காரரை அழைத்தார். முல்லைக்காரருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் "தக்குண, தக்குண" என்றார். அவர் நினைத்தது தெற்கு. சாரதி அப்போது மேற்கு நோக்கி நின்றார். அவருக்குத் தெற்கு இடக்கைப் பக்கம். அவர் வலக்கைப் பக்கம் திரும்பி, வடக்கே போனார். அம்பிளாந்துறைப் பக்கம் போக வேண்டியவர் வவுணதீவு என்று பெயர்ப்பலகை கண்டு, கோயிலையும் காணாமல், நெடுந்தூரம் போன பிறகே நின்றார்.

முல்லைக்காரர் ஏன் இடம், வலம் என்று சொல்லவில்லை என்று கேட்கலாம். அவருக்கு அது இயல்பான பேச்சு இல்லை. எழுவான்கரை, படுவான்கரை என்று கரைகளுக்கே சூரியனை வைத்துப் பெயரிட்ட ஊரில், வளவின் வேலியும் கிணறும் "வடக்கால", "மேற்கால" என்றே சொல்லப்படுகின்றன. 1990களில் நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தோடு சேர்ந்து எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் செய்த ஆய்வும் இதையொத்ததையே கண்டது: நகரத்துத் தமிழர் இட வலத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த, கிராமத்துத் தமிழர் சிறிய பொருட்களின் இருப்பைச் சொல்லும்போதும் திசைப் பெயர்களையே நாடினர். இதில் குறைபாடு ஒன்றுமில்லை. திசைப் பெயர் பார்ப்பவரோடு சுழலாது. ஆகவே அது உள்ளபடி மிகவும் உறுதியான சொல். ஆனால் கேட்பவருக்கும் திசை தெரிந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில், முன்பின் தெரியாத ஊரில் வண்டி ஓட்டுபவருக்கு அது தெரியாது. அவருக்கான குறிப்பில் அது கையாக மாற வேண்டும். கையாக மாற்றுவதற்கு, அந்தச் சந்தியில் வண்டி எந்த முகமாக வந்து நிற்கும் என்பது மொழிபெயர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாரதி திரும்பி வந்து தெற்கே போய், கோயிலைக் கண்டார். இங்கே வந்த சிக்கலுக்குச் சிங்களமே காரணமில்லை. தமிழிலேயே கேட்டிருந்தாலும் ஒரு வெளியூர்க்காரருக்கு அது நேர்ந்திருக்கும். "கோயிலுக்குப் பின்னால" என்பதை மூன்று விதமாக விளங்கலாம். முதலாவது, கோயிலின் சொந்த முகத்தை வைத்து: வாசல் எந்தப் பக்கமோ அது முன், அதற்கு எதிர்ப்பக்கம் பின். இரண்டாவது, பார்ப்பவரை வைத்து: நான் நிற்கும் பக்கம் முன்; கோயில் மறைக்கும் அப்புறம் பின். மூன்றாவது, ஓட்டத்தை வைத்து: கோயில் வந்துபோன பிறகு வருவது பின்.

இந்தப் பிள்ளையார் கோயில் வீதியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலும் கிழக்கேயே, வாவியைப் பார்த்து. வீதியில் வருபவருக்குத் தெரிவது கோயிலின் பின்சுவர் மட்டுமே. முல்லைக்காரர் கோயிலின் சொந்த முகத்தை வைத்துச் சொன்னார். ஆகவே அவருடைய "பின்னால" கோயிலின் மேற்குப் பக்கம், அதாவது வீதியிருக்கும் பக்கம். கிறவல் வீதி கோயிற் சுவருக்கு நேரெதிரே, வீதியின் மறுபுறத்தில் தொடங்கி மேற்கே போகிறது. தெற்கு நோக்கி வரும் சாரதிக்கு அது வலக்கைப் பக்கம். சாரதியோ தன் பார்வையை வைத்து விளங்கினார். சுவர் அவருக்கு முன். சுவருக்கு அப்பாலுள்ளது பின். ஆகவே சுவரோரமாகப் போன ஒழுங்கையில் இடக்கைப் பக்கம் திரும்பி, கோயிலைச் சுற்றிப் போய், அதன் வாசல் முற்றத்தில் நின்றார். அதாவது "பின்னால" என்ற சொல்லைப் பின்பற்றி, கோயிலின் முன்பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார். லொறியின் பின்தட்டுக்கு வெளியே இயந்திரம் நீட்டிக்கொண்டிருந்ததால் அந்த ஒழுங்கையில் பின்னோக்கி எடுக்கவே ஆட்கள் வந்து வேலிக்கதியாலை வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது விளக்கத்தை அவர் எடுத்திருந்தால், கோயிலைத் தாண்டி நேரே போயிருப்பார். ஒரே சொல்லுக்கு வலம், இடம், நேர் என்று மூன்று திசைகள்.

கோயில், பள்ளிவாசல், பாடசாலை, வீடு என முகமுள்ள எந்தக் கட்டடத்தை அடையாளமாகச் சொன்னாலும் இந்த ஐயம் எழும். முகம் வீதியைப் பார்த்திருந்தால் முதல் இரண்டு விளக்கங்களும் ஒன்றாகிவிடும். அதனால்தான் பெரும்பாலான குறிப்புகள் தப்பிவிடுகின்றன. முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் அவை பிரிகின்றன. பெரும்பாலான இந்துக் கோயில்கள் கிழக்கு நோக்கியவை. எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, முக்கிய வீதிகள் பல வாவிக்கு இணையாக வடக்குத் தெற்காகவே ஓடுகின்றன. ஆகவே வீதியின் கிழக்குப் பக்கத்தில் கோயில் இருந்தால், அதன் முதுகு வீதியில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இப்பகுதியில் மொழிபெயர்ப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் முல்லைக்காரரிடம் கேட்டேன்: "அண்ணன், லொறியில வாறவருக்குக் கோயில்ல என்ன தெரியும், வாசலா, சுவரா?" அவர் உடனே சொன்னார்: "வாசல் எழுவான் பக்கமெல்லோ தம்பி. றோட்டுல நிண்டா சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட சுவர்தான்." குறிப்புக்கு வேண்டியது அந்தச் சுவர்.

"வாய்க்காலுக்கு மேலால" என்பதில் சாரதி தவறவில்லை. அதற்குள் முல்லைக்காரர் சைக்கிளில் எதிரே வந்துவிட்டார். ஆனால் மொழிபெயர்ப்பில் அது "உடின்" என்று போயிருந்தது. அதற்கு, ஒன்றின் மேலாகக் கடந்து என்ற பொருள் வரும். சாரதி வாய்க்காலைக் குறுக்கே கடக்க வழி தேடியிருப்பார். வெள்ளாமைக்காரருக்கு மேல் என்பது தண்ணீர் வரும் பக்கம், கீழ் என்பது தண்ணீர் போகும் பக்கம். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் மேற்கே உயரத்தில் இருக்கின்றன. தண்ணீர் கிழக்கே வாவியை நோக்கி இறங்குகிறது. ஆகவே "மேலால வாங்க" என்றால் வாய்க்கால் கரையோடு மேற்கே வாருங்கள் என்பது பொருள். மலைநாட்டில் இப்படிச் சொன்னால் கண்ணே பொருளை உறுதிசெய்துவிடும். படுவான்கரையின் வயல்வெளியில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பார்த்து அறியலாம் என்றால், அறுவடைக் காலத்தில் நீரை மறித்துவிடுவதால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மேல், கீழ் என்ற சொற்களைச் சாரதிக்கான குறிப்பில் நான் இப்போது எழுதுவதேயில்லை. உண்மையாகவே ஒரு மேட்டில் ஏற வேண்டியிருந்தால், "ஏற்றம் வரும்" என்று வினையாக எழுதுகிறேன்.

கடைசிச் சொல் "மதகுக்கு முன்னால". மதகுக்கு முகம் கிடையாது. முகமில்லாத பொருளுக்கு முன், பின் சொல்லும்போது, பார்ப்பவர் தன் முகத்தை அதற்குக் கடன் கொடுக்கிறார். அதை எப்படிக் கொடுக்கிறார் என்பது மொழிக்கு மொழி மாறும். நாம் பொதுவாக அந்தப் பொருள் நம்மைப் பார்த்து நிற்பதாகக் கொள்கிறோம். ஆகவே நமக்கும் அதற்கும் இடையிலுள்ளது முன். மேற்கு ஆபிரிக்காவின் ஹௌசா மொழியினரோ, பொருள் தாங்கள் பார்க்கும் பக்கமே பார்ப்பதாகக் கொள்வார்கள். அவர்களுக்கு மரத்தின் முன் என்பது மரத்துக்கு அப்பால். இது தூரத்து விந்தை என்று ஒதுக்கத் தேவையில்லை. ஓடும் வண்டியில் இருக்கும்போது நம்மவரும் அப்படிப் பேசுவதுண்டு: "இன்னும் முன்னால போங்க" என்றால் தாண்டிப் போவது. சிங்களத்தின் "இஸ்ஸரஹ" என்ற சொல்லும் அவ்வாறே இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

இதில் தூரம் வெறும் சில மீற்றர்தான். ஆனால் இயந்திரத்தோடு லொறி அந்த மதகில் ஏறுமா, ஏறாதா என்பதை அந்தச் சில மீற்றர் தீர்மானிக்கிறது. அதனால் முன், பின் என்ற சொற்களை விட்டுவிட்டு, சக்கரத்தை வைத்துக் கேட்டேன்: "அண்ணன், லொறிச் சில்லு மதகுல ஏறணுமா, ஏறக்கூடாதா?" அவருடைய மறுமொழி குரலுயர்ந்து வந்தது: "ஏறவே கூடாது தம்பி! அது பழைய மதகு, சுமையோட ஏறினா இருந்திடும். மெசினை இறக்கி, மெசின் மட்டும் வரட்டும்." முதற் குறிப்பில் இந்த எச்சரிக்கையே இல்லை. ஊர்க்காரர் எவருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை என்பதால் அவர் சொல்லவில்லை. "முன்னால" என்ற ஒரு சொல்லுக்குள் அது அடங்கியிருந்தது. அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவைத்த மொழிபெயர்ப்பில் அது காணாமற் போனது.

இரண்டாவது சாரதிக்கு நான் சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வாறு வரும்: "மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக வாருங்கள். ஆரையம்பதியைக் கடந்து மண்முனைச் சந்தியில் வலக்கைப் பக்கம் திரும்புங்கள். நீண்ட பாலம் ஒன்றில் வாவியைக் கடப்பீர்கள். கடந்த பின் வரும் சந்தியில் இடக்கைப் பக்கம் திரும்புங்கள். வவுணதீவு என்ற பலகையைக் கண்டால் தவறான பக்கம் திரும்பிவிட்டீர்கள். இடக்கைப் பக்கம் சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட நீண்ட மதில் வரும், அது கோயில். மதில் முடிவதற்கு முன், அதற்கு எதிரே, உங்கள் வலக்கைப் பக்கம் கிறவல் வீதி இருக்கிறது, அதில் திரும்புங்கள். கோயில் பக்கமுள்ள ஒழுங்கையில் நுழைய வேண்டாம். லொறி திரும்ப இடமில்லை. கிறவல் வீதி ஒரு வாய்க்காலை அடையும். வாய்க்காலைக் கடக்காமல் அதன் கரையோடு நேரே வாருங்கள். முதலாவது மதகில் ஏறாமல், அதை அடையுமுன் நிறுத்துங்கள். இயந்திரத்தை அங்கேயே இறக்க வேண்டும்."

இதில் வலம், இடம் வந்த இடமெல்லாம் "தக்குணு அத்தட்ட", "வம் அத்தட்ட" என்று கையைச் சேர்த்தே எழுதினேன். "அத்த" என்றால் கை. அதைச் சேர்த்துவிட்டால் தெற்கு என்ற பொருளுக்கு வழியில்லை. முன், பின் வந்த இடங்களில் "களின்", "பஹு கரலா" என்று எழுதினேன். அடையுமுன், தாண்டிய பின் என்ற இந்த இரண்டும் ஓட்டத்தின் ஒழுங்கைச் சொல்பவை. வண்டி ஒரு பொருளை அடைவதற்கு முன்பா, பின்பா என்பதில் இருவருக்கு இருவேறு பார்வை இருக்க முடியாது. முல்லைக்காரரின் குரற்பதிவைவிட இது ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். நீளத்தைக் குறைக்கச் சொல்லி இயந்திர உரிமையாளர் கேட்டார். சந்திகளைக் குறைக்க முடியாது. தவறினால் தெரியும் அடையாளத்தையும் குறைக்கக் கூடாது என்பதால் நான் உடன்படவில்லை. லொறி வழிதவறாமல் வந்து சேரும்போது அந்தச் சில வரிகளின் மதிப்புத் தெரியாது. சந்தியில் மணிக்கணக்காக நிற்கும்போது தெரியும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கையும் ஓட்டமும் கொண்டு எழுதிய குறிப்பு ஒரே ஒரு வருகைப் பாதைக்குத்தான் செல்லும். சாரதி நகருக்குள் வராமல் செங்கலடியில் மேற்கே திரும்பி, ஆயித்தியமலைப் பக்கமாக வவுணதீவுக்கு இறங்கியிருந்தால், அவர் அந்த மறுகரைச் சந்திக்கு வடக்கிலிருந்து வருவார். "இடக்கைப் பக்கம்" என்ற கட்டளை அவரைப் பாலத்தில் ஏற்றி எழுவான்கரைக்கே கொண்டுபோய்விடும். வவுணதீவுப் பலகை அவருக்குத் தவறின் அடையாளமாக இராது. முல்லைக்காரரின் "தெற்கால" என்ற சொல் மட்டுமே இரண்டு பாதைக்கும் பொருந்தி நிற்கும். ஆகவே குறிப்பின் முதல் வரியில் எங்கிருந்து, எந்தப் பாலத்தின் வழியாக என்று எழுதுவதைக் கட்டாயமாக்கினேன். வேறு பாதையில் வருபவர் அந்த வரியிலேயே நின்று அழைப்பார். கைபேசி வரைபடத்தில் இடப்புள்ளி அனுப்பினால் போதாதா என்றும் கேட்டார்கள். புள்ளி வயலைக் காட்டும்; எந்த மதகு சுமையைத் தாங்கும் என்று காட்டாது.

இறக்கிய லொறி திரும்பிப் போகும் வழிக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வந்த குறிப்பைக் கீழிருந்து மேலாகப் படித்து, வலத்தை இடமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சாரதி நினைத்தார். சந்தித் திருப்பங்களுக்கு அது சரிவரும். ஆனால் கிறவல் வீதியால் வெளியே வரும்போது மதில் அவருக்கு நேரெதிரே நிற்கும். இடக்கைப் பக்கம் இராது. தெற்கே திரும்பிவிட்டால் அவரைத் தடுக்க எந்தப் பலகையும் இல்லை. அதனால் திரும்பும் குறிப்பின் முதல் வரி இவ்வாறு அமைந்தது: "மதில் உங்களுக்கு முகத்துக்கு முகமாக வந்ததும் இடக்கைப் பக்கம் திரும்புங்கள், திரும்பிய பின் மதில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்."